எழுபதாயிரம் ரூபாய்க்குள் ஒரு எடிட்டிங் கணினி: பணத்தை ரேமில் போடுவதா, கிராபிக்ஸ் கார்டிலா, எஸ்.எஸ்.டி.யிலா?

விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய மூன்று கொட்டேஷன்களை எங்கள் எடிட்டிங் லேபின் மேசையில் விரித்து வைத்து, "சார், மூன்றும் ஏறக்குறைய ஒரே விலைதான், எதை வாங்கட்டும்?" என்று கேட்டார். மானிட்டர் நீங்கலாக எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது வீட்டில் போட்ட வரம்பு. முதல் சீட்டில் ஐ5-12400 பிராசசர், 32 ஜிபி ரேம், ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜிபி கார்டு, 500 ஜிபி என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. இருந்தன. இரண்டாம் சீட்டில் அதே பிராசசரும் அதே எஸ்.எஸ்.டி.யும், ஆனால் ரேம் 16 ஜிபியாகக் குறைந்து, கார்டு ஆர்.டி.எக்ஸ். 3060 12 ஜிபியாக உயர்ந்திருந்தது. மூன்றாவதில் ஐ7-12700எஃப் பிராசசர், 16 ஜிபி ரேம், ஜி.டி.எக்ஸ். 1650 4 ஜிபி கார்டு, நான்காம் தலைமுறை 1 டிபி எஸ்.எஸ்.டி. ஆகியவை இருந்தன. கடைக்காரர் மூன்றாவதைத்தான் பரிந்துரைத்தாராம். 'ஐ7' என்ற சொல்லுக்கு வீட்டிலும் மதிப்பு இருந்தது.

இந்த மூன்று சீட்டுகளையும் ஒப்பிடுவதற்கு நான் இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஒரு பாகம் குறைவாக இருந்தால் வேலை தாமதமாகுமா, அல்லது நின்றே போகுமா என்பது முதல் கேள்வி. வேகம் குறைந்தால் காத்திருந்து முடித்துவிடலாம். கொள்ளளவு குறைந்தால் பல நேரங்களில் அந்த வேலையைச் செய்யவே முடியாது. அந்தப் பாகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ள முடியுமா, அல்லது இருப்பதைக் கழற்றிவிட்டு வேறு வாங்க வேண்டுமா என்பது இரண்டாவது. ரேமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் துணையாக இன்னொன்றைச் சேர்க்கலாம். கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் நினைவகத்தை, அதாவது வி-ரேமை, ஒரு ஜிபிகூடப் பின்னர் கூட்ட முடியாது.

இனி அந்த மாணவியின் வேலையைப் பார்ப்போம், ஏனென்றால் 'வீடியோ எடிட்டிங்குக்கும் 3டிக்கும் கணினி' என்று பொதுவாகச் சொல்வதில் எந்தக் கணக்கும் போட முடியாது. தன் ஊர் ஏரியைப் பற்றிப் பன்னிரண்டு நிமிட ஆவணப்படம் ஒன்றை அவர் எடுக்கிறார். செல்பேசியில் 4கே தரத்தில் எடுத்த மூன்று மணி நேரக் காட்சிகள் கையில் இருக்கின்றன. எடிட்டிங் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில். ஏரியில் கல்தூண்களுடன் நிற்கும் குமிழித் தூம்பு நீரை எப்படி வெளியே விட்டது என்பதைக் காட்ட, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் இருபது விநாடி அசைவுப் படம் ஒன்றைச் செய்ய வேண்டும். இதைவிடப் பெரிய வேலை கல்லூரிப் படிப்புக் காலத்தில் அவருக்கு வர வாய்ப்பு குறைவு என்பதால், இதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டோம்.

எடிட்டிங்கில் பெரும்பாலானோர் முதலில் சந்திக்கும் தொல்லை, டைம்லைனில் காட்சி விட்டுவிட்டு ஓடுவது. இதற்குப் பொதுவாக ரேமைக் குறை சொல்வார்கள். ஆனால் உண்மைக் காரணம் பெரும்பாலும் செல்பேசி காணொளியின் சுருக்க முறைதான். எச்.264, எச்.265 ஆகிய முறைகளில் ஒவ்வொரு சட்டகமும் முழுதாகப் பதிவாவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள சட்டகங்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதே பதிவாகிறது. ஆகவே நடுவில் ஓர் இடத்தில் கர்சரை வைத்தால், அந்த ஒரு சட்டகத்தைக் காட்டுவதற்காகக் கணினி அதற்கு முன்னுள்ள பல சட்டகங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐ7 வாங்கினால் இது கொஞ்சம் குறையும், ஆனால் தீராது. தீர்ப்பதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது: ரிசால்வின் மீடியா பூலில் காட்சிகளைத் தேர்ந்து Generate Proxy Media கொடுத்து, 1080 அளவில் இலகுவான பிரதிகளை இரவோடு இரவாக உருவாக்கிக்கொள்வது. அந்தப் பிரதிகளில் ஒவ்வொரு சட்டகமும் தனித்து நிற்பதால் நடுத்தரப் பிராசசரிலேயே கத்தரிப்பு வேலை தங்குதடையின்றி நடக்கும். இறுதியில் ஏற்றுமதி செய்யும்போது மட்டும் மூலக் காட்சிகளுக்குத் திரும்பலாம். ஆகவே மூன்றாம் சீட்டில் ஐ7-க்காகக் கொடுக்கும் கூடுதல் பணம், ஓர் இரவுக் காத்திருப்பால் பெரும்பகுதி தீரும் சிக்கலுக்குப் போகிறது.

அந்தப் பிராசசரின் பெயருக்குப் பின்னால் இருக்கும் 'எஃப்' என்ற எழுத்தையும் கவனிக்க வேண்டும். உள்ளேயே இருக்க வேண்டிய கிராபிக்ஸ் பகுதி அதில் இயங்காது என்பது அதன் பொருள். பிரீமியர் போன்ற மென்பொருள்கள் காணொளியைப் பிரித்துக் காட்டுவதற்கு இன்டெலின் அந்தப் பகுதியை நன்றாகப் பயன்படுத்துகின்றன. கல்லூரிக் கேமராக்களில் எடுக்கும் 10 பிட் 4:2:2 வகை எச்.265 காட்சிகளை ஆர்.டி.எக்ஸ். 30, 40 வரிசைக் கார்டுகளின் வன்பொருள் பிரிப்பான் ஏற்பதில்லை. 12400-இன் உட்பகுதி ஏற்கிறது. கார்டு பழுதாகி அனுப்பிவிட்ட நாள்களில் திரையில் படம் வருவதற்கும் அதுதான் துணை. 'எஃப்' இல்லாத பிராசசருக்கு ஆகும் சிறிய வித்தியாசத்தை மிச்சப்படுத்தாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது ரேம். 8 ஜிபியில் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. விண்டோஸும் ஒரு பிரவுசரும் மட்டுமே அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். ரிசால்வை உருவாக்கியவர்களே 16 ஜிபியும், காட்சிகளை அடுக்கடுக்காகச் சேர்த்துச் சிறப்பு விளைவுகள் செய்வதற்கு அதிலுள்ள ஃபியூஷன் பக்கத்தைப் பயன்படுத்தினால் 32 ஜிபியும் வேண்டும் என்கிறார்கள். காரணம் எளிய பெருக்கலில் தெரியும். ஒரு 4கே சட்டகத்தில் 3840-ஐ 2160-ஆல் பெருக்க ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு அலைவரிசைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட் என்று வைத்தால் ஒரே ஒரு சட்டகத்துக்கு 132 எம்பிக்கு மேல் ஆகிறது. ஃபியூஷனில் நான்கைந்து அடுக்கு வைத்து ஒரு விநாடியை ஓட்டிப் பார்த்தால்கூட ஜிபி கணக்கில் ரேம் நிரம்புவது இதனால்தான். அதே வேலையை 1080 டைம்லைனில் செய்தால் ஒரு சட்டகத்துக்கு 33 எம்பி போதும். கத்தரிப்பு, ஒலி, எளிய நிறத்திருத்தம் என்ற அளவில் நிற்பவருக்கு 16 ஜிபி ஓடும். ஃபியூஷனில் நாள்தோறும் வேலை செய்பவருக்கு ஓடாது.

ரேம் போதவில்லை என்பதை எப்படி அறிவது? வழக்கமான வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரின் Performance பக்கத்தில் Memory-ஐத் தேர்ந்து, Committed என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். அது உங்களிடம் உள்ள ரேமின் அளவைத் தாண்டி நின்று, ஒவ்வொரு முறை சாளரம் மாற்றும்போதும் எஸ்.எஸ்.டி. பயன்பாடு உச்சத்துக்குப் போனால், ரேமில் இடம் போதாமல் தகவல்கள் எஸ்.எஸ்.டி.க்குப் போய் வருகின்றன என்று பொருள். கணினி மந்தமாகும், சில நேரம் மென்பொருள் மூடிக்கொள்ளும். ஆனால் பிரவுசரை மூடுவது, ரிசால்வையும் பிளெண்டரையும் ஒரே நேரத்தில் திறக்காமல் இருப்பது போன்ற ஒழுங்குகளால் ஓரளவு சமாளிக்கலாம். மதர்போர்டில் ஓர் இடம் காலியாக இருந்தால் பிறகு இன்னொரு 16 ஜிபி செருகினால் தீர்ந்துவிடும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எச்610 வகை மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் ரேமுக்கு இரண்டே இடங்கள்தான். இரண்டு 8 ஜிபி போட்டுக் கொடுத்தால் வேகம் கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் நாளை கூட்ட நினைக்கும்போது இரண்டையும் கழற்ற வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் கணினியில் ஒரே 16 ஜிபி துண்டாக வாங்கி மற்ற இடத்தைக் காலியாக விடுவதையே நான் சொல்வேன். தனிக் கார்டு இல்லாமல் உட்பகுதி கிராபிக்ஸை நம்பி வாங்குபவருக்கு மட்டும் இது பொருந்தாது, ஏனென்றால் அந்தப் பகுதி ரேமையே தன் நினைவகமாகப் பயன்படுத்துவதால் இரண்டு துண்டுகளின் வேகம் அதற்கு மிகவும் தேவை.

கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். குமிழித் தூம்புக் காட்சியில் கல், ஏரிக்கரை மண், சேறு, நீர், புல், மரப்பட்டை, இலை என்று பன்னிரண்டு வகைப் பரப்புகள் இருந்தன. இணையத்தில் கிடைக்கும் இலவச டெக்ஸ்சர்களை, அதாவது பரப்பின் மேல் போர்த்தும் படங்களை, மாணவர்கள் இயல்பாகவே பெரிய அளவில் இறக்கிக்கொள்வார்கள். இவரும் 4கே அளவில்தான் இறக்கியிருந்தார். ஒரு 4கே டெக்ஸ்சர் கோப்பாக வட்டில் சில எம்பி மட்டுமே இருந்தாலும், காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்கும் ரெண்டரின்போது விரிந்து 64 எம்பி ஆகிவிடும். ஒரு பரப்புக்கு நிறம், கரடுமுரடு, மேடுபள்ளம் உள்ளிட்ட நான்கு படங்கள் என்றால், பன்னிரண்டு பரப்புகளுக்கு 48 படங்கள், மொத்தம் 3 ஜிபி. அதனுடன் மரம், புல் ஆகியவற்றின் வடிவங்களும் வானத்துக்கான சுற்றுப்படமும் சேர்ந்து, எங்கள் லேப் கணினியில் ரெண்டர் சாளரத்தின் மேலே Peak என்ற இடத்தில் 5.4 ஜிபி காட்டியது. இதைத் தவிர விண்டோஸும், பிளெண்டரின் முப்பரிமாணச் சாளரமும் தங்களுக்கென்று வி-ரேமில் தனியே பங்கு எடுத்துக்கொள்கின்றன.

இப்போது மூன்று சீட்டுகளையும் இந்த எண்ணோடு பொருத்திப் பார்த்தோம். 4 ஜிபி கார்டில் இந்தக் காட்சி கொள்ளவே கொள்ளாது. ஒன்று, System is out of GPU memory என்று சொல்லி ரெண்டர் நின்றுவிடும். அல்லது மிஞ்சியதைக் கணினியின் ரேமில் வைத்துக்கொண்டு, கார்டு தன் வேகத்தை இழந்து ஊர்ந்து போகும். 6 ஜிபி கார்டு விளிம்பில் நிற்கிறது. பிளெண்டர் மட்டும் திறந்திருந்தால் சில நாள் முடியும், பின்னால் ரிசால்வ் திறந்திருந்தால் முடியாது. 12 ஜிபி கார்டில் ஏறக்குறைய பாதி இடம் மீதி இருக்கிறது. ரிசால்வுக்கும் இதே கணக்குத்தான். 4கே டைம்லைனில் மங்கலாக்கல் போன்ற விளைவுகளைச் சில அடுக்குகள் சேர்த்தால், Your GPU memory is full. Try reducing the timeline resolution or the number of correctors என்ற அறிவிப்பு சிறிய கார்டுகளில் வந்து நிற்பதை லேபில் பலமுறை பார்த்திருக்கிறேன். எத்தனை ஜிபி ரேம் கூடுதலாகப் போட்டாலும் அந்த அறிவிப்பு போகாது. முதல் சீட்டின் 32 ஜிபி ரேமைப் பார்த்து மயங்கக் கூடாது என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் சிறிய கார்டுடன் இருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பிளெண்டரின் ரெண்டர் பண்புகளில் Simplify என்ற பகுதியில் டெக்ஸ்சர் வரம்பை 2048 என்று வைத்தால், ஒவ்வொரு படமும் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி, அந்த 3 ஜிபி ஏறத்தாழ 770 எம்பியாகிவிடும். இவரது காட்சி மொத்தமாக 3 ஜிபியைச் சற்றே தாண்டி அடங்கியது. தூரத்தில் நிற்கும் மரத்துக்கும் கரைக்கும் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. தூம்பின் கல்லை நெருக்கத்தில் காட்டும் இடத்தில் மட்டும் தெரிந்தது. ஆக 6 ஜிபி கார்டிலும் இந்தப் படத்தை முடிக்கலாம், ஒவ்வொரு காட்சியிலும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே அதற்கான விலை.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருபது விநாடி என்றால் விநாடிக்கு 25 வீதம் 500 சட்டகங்கள். ஆர்.டி.எக்ஸ். 3060 இருக்கும் கணினியில் ஒரு சட்டகத்துக்கு ஏறக்குறைய 40 விநாடி ஆனது. மொத்தம் ஐந்தரை மணி நேரம், ஓர் இரவு போதும். 3584 கோர்களும் 170 வாட் வரம்பும் கொண்ட அந்தக் கார்டோடு ஒப்பிட்டால், 2304 கோர்களும் 70 வாட் வரம்பும் கொண்ட 3050 6 ஜிபி கார்டு ஏறத்தாழ இரு மடங்கு நேரம் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மாலையில் தொடங்கினால் காலையில் முடிந்திருக்கும். இது பொறுத்துக்கொள்ளக்கூடிய தாமதம். ஜி.டி.எக்ஸ். 1650-இல் ஒளிக்கதிரின் பாதையை, அதாவது கதிர்த்தடத்தை, கணக்கிடும் தனி வன்பொருளே இல்லாததால் அது பல மடங்கு பின்தங்கும். ஐ7 பிராசசரை மட்டும் நம்பி ரெண்டர் செய்தாலும் நிலைமை மேம்படாது.

இந்த இடத்தில் பெயர்க் குழப்பங்கள் பணத்தை வீணாக்குகின்றன. ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் 6 ஜிபி கார்டும் இருக்கின்றன. பின்னது நினைவகத்தில் மட்டுமல்லாமல் கோர்களிலும் குறைந்தது. 3060-இலும் 12 ஜிபி தவிர 8 ஜிபி வகை ஒன்று உண்டு, அதன் நினைவகப் பாதையும் குறுகலானது. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டில் காணொளியை ஏற்றுமதி செய்ய உதவும் வன்பொருள் சுருக்கியே கிடையாது என்பதால் எடிட்டிங்குக்கு அது ஆகாது. 'நான்கு ஜிபி கிராபிக்ஸ்' என்று சொல்லி இன்றும் விற்கப்படும் ஜி.டி. 730, 2014-இல் வந்த கார்டு. திரையில் படம் காட்டுவதைத் தாண்டி இந்த வேலைகளுக்கு அதை எண்ணவே வேண்டாம். ஏ.எம்.டி. கார்டுகளில் ஆர்.எக்ஸ். 6600 எடிட்டிங்குக்குக் குறை சொல்ல முடியாத கார்டு. ஆனால் பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் முறையில், கதிர்த்தடக் கணக்கை விரைவாக்கும் ஆப்டிக்ஸ் வசதி உள்ள ஆர்.டி.எக்ஸ். கார்டுகளே முந்துகின்றன. ஆர்.டி.எக்ஸ். 4060 8 ஜிபி கிடைத்தால் அது 3060-ஐவிட வேகமானது, மின்சாரமும் குறைவாக எடுக்கும். நினைவகம் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், எடிட்டிங் முதன்மையாகவும் 3டி அவ்வப்போதும் செய்பவருக்கு நான் அதையும், பெரிய காட்சிகள் அமைக்க விரும்புபவருக்கு 12 ஜிபியையும் சொல்வேன். இரண்டுக்கும் நல்ல 550 வாட் பவர் சப்ளை வேண்டும். கேபினட்டுடன் சேர்த்துத் தரும் பெயரில்லாத சப்ளையின் மேல் என்ன எண் அச்சிட்டிருந்தாலும் அதை நம்பக் கூடாது. ரெண்டரின் நடுவே கணினி எந்த அறிவிப்பும் இல்லாமல் சட்டென்று அணைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

சேமிப்பகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செல்பேசி 4கே காட்சி விநாடிக்கு 50 மெகாபிட் என்றால் அது 6 எம்பியைச் சற்றே தாண்டும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கே விநாடிக்கு 150 எம்பி படிக்கும். மூன்றாம் தலைமுறை என்.வி.எம்.இ. ஏறத்தாழ 3,500 எம்பி வரை போகும். ஆகவே மூன்றாம் தலைமுறையிலிருந்து நான்காம் தலைமுறைக்குப் போவதால் இந்த மாணவியின் டைம்லைனில் எந்த மாற்றமும் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கின் குறை வேறு: பல இடங்களிலிருந்து மாறி மாறிப் படிக்கும்போது அதன் ஊசி அலைவதால் காட்சி தடுமாறும். விண்டோஸ், மென்பொருள், பிராக்ஸி என்ற அந்த இலகுவான பிரதிகள், ரிசால்வ் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் கேஷ் ஆகிய நான்கும் எஸ்.எஸ்.டி.யில் இருக்க வேண்டும். முடிந்த படங்களும் மூலக் காட்சிகளின் காப்புப் பிரதியும் ஹார்ட் டிஸ்க்கில் தூங்கலாம்.

அளவு எவ்வளவு வேண்டும் என்பதையும் அவருடைய படத்தை வைத்தே போட்டோம். மூன்று மணி நேர மூலக் காட்சிகள் 68 ஜிபி, அவற்றின் பிராக்ஸிகள் ஏறத்தாழ 50 ஜிபி. பன்னிரண்டு நிமிட 4கே டைம்லைன் முழுவதற்கும் உயர்தரக் கேஷ் உருவானால் இன்னும் 60 ஜிபி. விண்டோஸும் மென்பொருள்களும் நூறு ஜிபிக்கு இடம் விட்டால், திரையில் 465 என்று காட்டும் 500 ஜிபி எஸ்.எஸ்.டி.யில் ஒரு படம் வசதியாகவும் இரண்டு படங்கள் நெருக்கியடித்தும் அடங்கும். எஸ்.எஸ்.டி. முழுதும் நிரம்பினால், குறிப்பாக மலிவான வகைகளில், எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக வைக்க வேண்டும். படம் முடிந்ததும் ரிசால்வின் Playback பட்டியலில் Delete Render Cache கொடுத்துவிட்டால் கேஷ் பிடித்திருந்த இடம் திரும்பிவிடும். மாணவர்கள் பலரும் மறப்பது இதைத்தான்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகு நான் இரண்டாம் சீட்டைச் சொன்னேன். அதன் 16 ஜிபி ரேம் குறைவு என்பதை மறைக்கவில்லை. கார்டில் ரெண்டர் செய்தாலும் காட்சி முதலில் ரேமில்தான் ஏற்றப்படுகிறது. 12 ஜிபி கார்டை முழுதாகப் பயன்படுத்தும் நாளில் 16 ஜிபி ரேம் போதாது. 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை கடுமையாக ஏறியது என்பதால், பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற வாதத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஆயினும் ரேம் கூட்டுவதற்கு ஒரு துண்டின் விலை மட்டுமே ஆகும். 6 ஜிபி கார்டிலிருந்து மாறுவதற்குப் பழையதை நட்டத்தில் விற்றுப் புதியதை முழு விலைக்கு வாங்க வேண்டும். அவர் 3டி பக்கமே போகாமல் எடிட்டிங் மட்டும் செய்பவராக இருந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும்: தனிக் கார்டே வேண்டாம், 'எஃப்' இல்லாத ஐ5, இரண்டு துண்டுகளாக 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்.எஸ்.டி. வாங்கி, பிராக்ஸியில் வேலை செய்து, மீதிப் பணத்தை ஒரு நல்ல மைக்கில் போடச் சொல்லியிருப்பேன்.

கடைக்குப் போகும் முன் கொட்டேஷனில் மூன்று இடங்களைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்: கார்டுக்கு எதிரே '12 ஜிபி' என்ற அளவு, ரேமுக்கு எதிரே 'ஒரே 16 ஜிபி துண்டு', பவர் சப்ளைக்கு எதிரே தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும். பொருத்தி முடித்ததும் டாஸ்க் மேனேஜரின் GPU பக்கத்தில் Dedicated GPU memory என்ற வரியைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் பார்த்தார், 12.0 ஜிபி என்று இருந்தது. பழைய மேசைக் கணினியிலிருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இதில் மாட்டிக்கொண்டார். ரேம் துண்டின் ஒட்டுத்தாளைப் படம் எடுத்து வைத்திருக்கிறார், காலியாக இருக்கும் இடத்துக்கு அடுத்த ஆண்டு அதே வகையை வாங்குவதற்காக.